ஊக்கமளிக்கும் என்று எழுதாத அறிக்கை

மைசூரில் பட்டுப்புழுவை ஆராய்கிற இடங்கள் பெரிதும் சிறிதுமாகச் சில உண்டு. நான் வேலை பார்த்தது சிறியதிலும் சிறியது. ஒரு அறக்கட்டளை நடத்தியது. நாலு அறை, ஒரு ஆய்வுக்கூடம், ஆய்வுக்கூடத்தைவிடப் பெரிய வரவேற்பறை. வரவேற்பறையில் எங்கள் வெற்றிகளைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். எங்கள் வேலையில் பாதிக்கு மேல் ஒன்றும் விளங்காமல் முடிந்த சோதனைகள். அவற்றுக்குச் சட்டம் போடும் வழக்கம் இல்லை, அதனால் வருகிறவர்கள் நாங்கள் தொட்டதெல்லாம் துலங்கியது என்று நினைத்துக்கொண்டு போவார்கள்.

அந்தச் சட்டங்களில் ஒன்று என்னுடையது. சில வருடங்களுக்கு முன் ஒரு சத்துப்பொடியைப் புழுவுக்குத் தூவிப் பார்த்தோம். கொஞ்சம் பலன் இருப்பதுபோலவும் இருந்தது, இல்லாததுபோலவும் இருந்தது. நான் “ஊக்கமளிக்கும் முடிவு” என்று எழுதினேன். யாருக்கு ஊக்கம் என்று ஒருவரும் கேட்கவில்லை. பொடி டப்பாவில் விற்பனைக்குப் போனது, எனக்குப் பதவி உயர்வு வந்தது, ஆக எனக்குத்தான் என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

இந்த முறை பொடி இல்லை, மூலிகைச் சாறு. புழுவின் கடைசிப் பருவத்தில், கூடு கட்டுவதற்கு முந்தைய நாட்களில், தினம் ஒரு வேளை மல்பெரி இலையில் தெளித்து நிழலில் உலர்த்திப் போட வேண்டும். கூட்டின் எடை கூடுகிறதா என்பதுதான் கேள்வி. அனூர், கொள்ளேகால் பக்கத்துப் புழு வளர்க்கும் வீடுகள் முப்பது எடுத்தோம். ஒவ்வொரு வீட்டிலும் புழுத் தட்டு வைக்கும் அடுக்குகளில் இரண்டு. ஒன்றுக்குச் சாறு, மற்றதற்கு வெறும் தண்ணீர். எந்த அடுக்குக்கு எது என்பதைக் காசு சுண்டித் தீர்மானித்தோம். வளர்ப்பவர்களுக்கு எது எதென்று தெரியக்கூடாதென்று இரண்டையும் ஒரே மாதிரி பாட்டிலில் ஊற்றி, ஒன்று, இரண்டு என்று சீட்டு ஒட்டினோம். அவ்வளவு பெரிய ரகசியம். மூடியைத் திறந்தால் ஒன்றில் வேப்பங்கொழுந்து வாசனை மூக்கைத் துளைக்கும், மற்றதில் ஒன்றும் இருக்காது. முகர்ந்து பார்க்கும் அறிவு விவசாயிக்கு இருக்கும் என்று எங்கள் நாலு அறையில் ஒருவருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான்.

சோதனை தொடங்கும் முன்னே ஒரு திட்டம் எழுதி வைத்தேன். எந்த அடுக்குக்கு எது என்று பிரித்தோமோ அப்படியே கணக்கில் எடுப்போம், முடிவைப் பார்த்த பிறகு எந்த வீட்டையும் விலக்க மாட்டோம், எடை குறைந்தபட்சம் இவ்வளவு கூடினால்தான் விவசாயிக்குப் பிரயோஜனம். இந்த மூன்றும் அதில் இருந்தன. நிலையத் தலைவர் கையெழுத்தும் போட்டார். அவர் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறவர் இல்லை என்பது எனக்கு அப்போதே தெரியும்.

கூடுகளை எடை போட்டு முடித்தோம். சாறு தெளித்த அடுக்கில் சராசரி எடை ஒரு துளி கூடுதல். ஆனால் சராசரியோடு ஒரு வீச்சும் வரும், உண்மை இங்கிருந்து இங்கேவரை எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம் என்று கணக்கு சொல்கிற வீச்சு. அதன் ஒரு முனை சாறு லேசாகக் கெடுதல் செய்யும் இடத்தில் இருந்தது. மறுமுனை நாங்கள் எழுதி வைத்த பிரயோஜனக் கோட்டைத் தாண்டிப் போயிருந்தது. நடுவில் பூஜ்யம் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது. அதாவது சாறு நல்லதாகவும் இருக்கலாம், வெறும் வாசனையாகவும் இருக்கலாம். எங்களுக்குத் தெரியவில்லை.

தலைவர் பெங்களூரில் ஒரு கூட்டத்தில் நல்ல செய்தி வரப்போகிறது என்று ஏற்கெனவே சொல்லிவிட்டு வந்திருந்தார். செய்தி வருவதற்கு முன்னே அதற்கு மாலை போட்டுவிடுவது அவர் சுபாவம். திரையை உற்றுப் பார்த்துவிட்டு, பிரயோஜனக் கோட்டை நெருங்குகிறது என்று எழுதலாமே என்றார். கொள்ளேகால் பஸ் தூரத்தில் தெரிந்தால் அது வருகிறதா போகிறதா என்று கிட்டே வந்தால்தானே தெரியும் என்றேன். அவருக்கு என் உவமை பிடிக்கவில்லை. சரி, அப்படியென்றால் சாற்றினால் பலனில்லை என்று எழுதிக் கதையை முடியுங்கள் என்றார். அதுவும் முடியாது என்றேன். பலன் இல்லை என்பது வேறு, பலன் உண்டா என்று தெரியவில்லை என்பது வேறு. வீச்சு முழுவதும் பிரயோஜனக் கோட்டுக்குக் கீழே அடங்கியிருந்தால், பெரிதாகப் பலன் இல்லை என்று தைரியமாகச் சொல்லலாம். இது அடங்கவில்லை.

“நோடி மேடம், இப்படியும் இல்லை அப்படியும் இல்லைன்னா, நாம என்னதான் மாடிதோம்?” என்றார். அவருக்குத் தமிழ் முக்கால்வாசி வரும், கோபம் வந்தால் மீதிக் கால்வாசிக்குக் கன்னடம் வந்து நிற்கும். பாருங்க மேடம், என்னதான் செய்தோம் என்கிறார்.

அன்று மாலை விஜயநகர் வீட்டுக்கு வந்து நானே முதல் வரைவை எழுதினேன். கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது, நேர்மையாக எழுதிவிட்டோமே என்று. என் கணவரிடம் கொடுத்தேன். அரசு அலுவலகத்துக் கடிதங்களைப் படித்தே தலை நரைத்தவர். இரண்டு பக்கம் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

“யாரு போயிட்டாங்க?” என்றார்.

வாங்கிப் பார்த்தேன். துரதிர்ஷ்டவசமாக என்று மூன்று இடத்தில். எதிர்பார்த்த பலனைக் காட்ட இயலாமைக்கு என்று ஒரு இடத்தில். கடைசிப் பத்தி முழுவதும், வீடுகள் குறைவு, மழை அதிகம், தராசு பழசு என்று ஒப்பாரி. தெரியவில்லை என்பதைச் சொல்லவும் எனக்கு வராது என்று அன்றுதான் தெரிந்தது. ஒன்று ஊதிச் சொல்கிறேன், இல்லாவிட்டால் காலில் விழுகிறேன். மழை அன்றைக்கு இரண்டு அடுக்குக்கும்தான் பெய்தது. அதைக் குறையாக எழுத நான் யார்?

அதற்குள் தலைவர் சும்மா இருக்கவில்லை. எங்கள் களப்பணியாளரைக் கூப்பிட்டு, எந்தெந்த வீட்டில் வித்தியாசமே வரவில்லையோ அங்கே போய் என்ன தப்பு நடந்தது என்று விசாரித்து வரச் சொன்னார். களப்பணியாளர் நல்ல மனிதர், போகச் சொன்ன இடத்துக்கு மட்டும் போவார். போனார், வந்தார். ஐந்து வீடுகளில் இரண்டு பாட்டிலையும் ஒரே வாளியில் கொட்டிக் கலக்கி, இரண்டு அடுக்குக்கும் தெளித்திருக்கிறார்கள்.

தலைவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அந்த ஐந்தையும் நீக்கிக் கணக்குப் போடச் சொன்னார். போட்டேன். வீச்சு பூஜ்யத்தை விட்டு அழகாக விலகி நின்றது. சாறு வேலை செய்கிறது! அறைக்கு அறை காப்பி போனது. அவரே ஒரு வரைவும் எழுதினார். அதில் “சில விவசாயிகளின் அலட்சியத்தால்” என்று ஒரு வாக்கியம். பின்னிணைப்பில் அந்த ஐந்து வீடுகளின் பட்டியல். அவர்களை எங்கள் ஒத்துழைப்பு விவசாயிகள் பட்டியலிலிருந்து நீக்கலாம் என்று பரிந்துரை வேறு. அந்தப் பட்டியலில் இருப்பவர்களுக்குத்தான் நோயில்லாத இளம்புழு முதலில் போகும். பட்டியலில் இல்லாதவர்கள் கிடைத்ததை வாங்கி வளர்க்க வேண்டியதுதான். பால் நோய் வந்து ஒரு அடுக்கு முழுவதும் சாய்ந்தால், அந்த வீட்டில் இரண்டு மாதம் யாரும் சிரிக்க மாட்டார்கள்.

ஐந்து பேர் கலக்கிய வாளிக்கு இப்படி ஒரு தண்டனையா? அதைவிட இன்னொன்று உறுத்தியது. வித்தியாசம் வராத வீட்டில் மட்டும் போய்க் கேட்டால் வித்தியாசம் வராததற்கான காரணம்தானே கிடைக்கும்? வந்த வீட்டில் யார் கேட்டார்கள்?

மறுநாள் காலை பஸ் பிடித்துப் போனேன். அந்த ஐந்தில் முதல் வீடு அனூருக்குப் பக்கத்தில். வீட்டுக்கார அம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும். அந்தத் தெருவில் கணவர் பேரில் இல்லாமல் தன் பேரில் பட்டியலில் இருக்கிற ஒரே பெண். என்னைப் பார்த்ததும் புழு மனையின் கதவைத் திறந்துவிட்டு, ஒதுங்கி நின்றார். நான் வாய் திறப்பதற்கு முன் அவரே தொடங்கிவிட்டார்.

“கலந்துதானுங்க ஊத்துனேன். மறைக்கல. ஒரே நாள்ல வந்த புழு, ஒரே மனையில வளருது. இதுக்கு மருந்து, அதுக்கு வெறுந்தண்ணியான்னு மனசு கேக்கலீங்க. பந்தியில வஞ்சன பண்ணலாமுங்களா?”

இருபத்தைந்து வருடமாக ஒப்பீட்டு அடுக்கு என்று எழுதிக்கொண்டிருக்கிறேன். அந்த அடுக்கிலும் பசியோடு புழு இருக்கிறது என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. கோபம் வரவில்லை. சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். அவர் சிரிக்கிற நிலையில் இல்லை.

“பேர எடுத்துருவாங்களாமே, அன்னைக்கு வந்தவரு போன்ல சொன்னாரு. எடுத்துருவீங்களா?”

பார்க்கிறேன் அக்கா என்றேன். அரசியல்வாதி சொல்கிற பதில். அதைச் சொல்லிவிட்டு அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் சுவரைப் பார்த்தேன். அங்கே பரணில் வரிசையாகக் காலி டப்பாக்கள். ஒன்றில் ஆணி, ஒன்றில் கொத்தவரை விதை, ஒன்றில் நூல்கண்டு. எல்லாம் ஒரே மாதிரி டப்பா. எங்கள் சத்துப்பொடி. என் ஊக்கமளிக்கும் சத்துப்பொடி. எத்தனை முறை வாங்கியிருக்கிறார் என்று எண்ணத் தொடங்கி, பாதியில் நிறுத்திவிட்டேன். அதைப் பற்றி அவரும் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கல்லுப்பிள்ளையார் மாதிரி இருந்துவிட்டு வெளியே வந்தேன்.

அங்கிருந்து நேரே சாறு மிக நன்றாக வேலை செய்ததாகக் கணக்கு சொன்ன வீட்டுக்குப் போனேன். தலைவர் வரைவில் “முன்மாதிரி விவசாயி” என்று குறிப்பிட்டிருந்த வீடு. முன்மாதிரியின் மனைவிதான் இருந்தார். இரண்டு பாட்டிலையும் எப்படித் தெளித்தீர்கள் என்று கேட்டேன். இதிலென்ன கேள்வி என்பதுபோலப் பார்த்தார். வாளியில் கலந்துதான், பின்னே ஒரு கண்ணில் வெண்ணெய் ஒரு கண்ணில் சுண்ணாம்பா என்றார். சாறு தெளித்த அடுக்கில் மட்டும் கூடு கனத்ததே என்றேன். அந்த அடுக்கு ஜன்னல் பக்கம், காத்தோட்டம் நல்லா இருக்கும் என்றார்.

வாசலுக்கு வந்து, இன்னும் யாரும் போய்க் கேட்காத வீடுகளை எண்ணினேன்.

அடுத்த வாரம் களப்பணியாளரும் நானும் பாக்கி இருந்த எல்லா வீடுகளுக்கும் போய் ஒரே கேள்வியை ஒரே மாதிரி கேட்டோம். வித்தியாசம் வந்த வீட்டிலும் கலந்திருந்தார்கள், வராத வீட்டிலும் கலந்திருந்தார்கள். கலந்த எல்லோரையும் நீக்கிவிட்டு ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்த்தேன். மிஞ்சிய வீடுகள் கொஞ்சம், வீச்சு முன்னைவிட அகலமாகிவிட்டது, பூஜ்யம் பழையபடி நடுவில் வந்து உட்கார்ந்துகொண்டது. தலைவரின் அழகான முடிவு, தோற்றவர்களிடம் மட்டும் விசாரணை நடத்தியதால் பிறந்த குழந்தை.

பிறகு அறிக்கையை எழுத உட்கார்ந்தேன். இரண்டு பக்கத்துக்கு ஒன்பது நாள் ஆனது. எதையாவது சேர்ப்பதைவிட எதையாவது எடுப்பதற்குத்தான் நாள் பிடித்தது. துரதிர்ஷ்டம் போனது. அலட்சியம் போனது. நம்பிக்கையூட்டும், ஊக்கமளிக்கும், நெருங்கும் எல்லாம் போயின. முதல் வாக்கியத்தில் முடிவைப் போட்டேன்: இச்சாறு கூட்டின் எடையைக் கூட்டுகிறதா என்பதை இந்தச் சோதனையால் சொல்ல முடியவில்லை. அடுத்து வீச்சின் இரண்டு முனைகளையும் போட்டு, லேசான கெடுதலிலிருந்து பிரயோஜனமான பலன்வரை எல்லாமே இதற்குள் அடங்கும் என்றேன். இந்த முடிவு திட்டத்தில் இருந்தபடி எல்லா வீடுகளையும் சேர்த்துப் போட்ட கணக்கு என்றேன்.

கலந்ததைப் பற்றித்தான் அதிகம் யோசித்தேன். கடைசியில் எழுதியது இது: “சில வீடுகளில் இரண்டு திரவங்களையும் கலந்து இரண்டு அடுக்குக்கும் தெளித்துள்ளனர். இது உண்மையான வித்தியாசம் இருந்தால் அதை மறைத்திருக்கக்கூடும். வாசனையால் இரண்டையும் அடையாளம் காண முடிந்தது. ஒரே மனையில் ஒரு பாதிக்கு மட்டும் கொடுக்கும் ஏற்பாடு வளர்ப்போரின் வழக்கத்துக்கு ஒத்துவரவில்லை. அடுத்த சோதனையில் ஒரு வீடு முழுவதற்கும் சாறு, மற்றொரு வீடு முழுவதற்கும் வாசனை சேர்த்த தண்ணீர் என்று பிரிக்க வேண்டும். அதற்கு அதிக வீடுகள் தேவைப்படும்.” ஐந்து வீடுகளை மட்டும் நீக்கினால் வரும் முடிவையும் ஒளிக்காமல் சொன்னேன். அது முடிவைப் பார்த்த பிறகு, ஒரு பக்கத்தில் மட்டும் விசாரித்துச் செய்தது, ஆகையால் நம்பத் தக்கதல்ல என்று பக்கத்திலேயே எழுதினேன். பட்டியல் இல்லை, பரிந்துரை இல்லை, வருத்தம் தெரிவிக்கவும் இல்லை.

தலைவர் படித்தார். இந்த முறை நிஜமாகவே படித்தார். இதைப் படிக்கிறவன் என்னதான் செய்வான் என்று கேட்டார். தெரியாததைத் தெரிந்ததுபோல நினைக்காமல் இருப்பான் என்றேன். அப்படியானால் என் பெயரை எடுத்துவிடுங்கள் என்றார். எடுக்கிறேன், ஆனால் திட்டத்தை இணைத்தாக வேண்டும், அதன் கடைசிப் பக்கத்தில் உங்கள் கையெழுத்து இருக்கிறதே என்று தாளைத் திருப்பிக் காட்டினேன். தன் கையெழுத்தையே வேறு யாருடையதோ போலப் பார்த்தார். பெயர் இருக்கட்டும் என்றார். தலைப்பில் மட்டும் “ஊக்கமளிக்கும் ஆரம்ப ஆய்வு” என்று பென்சிலால் சேர்த்தார். நான் ரப்பரால் அழித்தேன். அந்த அறிக்கைக்கு இன்றுவரை வரவேற்பறையில் சட்டம் மாட்டவில்லை.

முடிவைச் சொல்லக் கொள்ளேகாலில் விவசாயிகள் கூட்டம் போட்டோம். தலைவருக்கு அன்றைக்கென்று முதுகுவலி. நானே மேடையேறினேன். சாறு நல்லதா இல்லையா என்று எங்களுக்குத் தெரியவில்லை என்று முதல் வரியிலேயே சொன்னேன். கூட்டத்தில் ஒருவர், இதைச் சொல்லவா மைசூரிலிருந்து ஜீப்பு என்றார். நல்ல கேள்வி, கைதட்டலும் கிடைத்தது. வாளி விஷயத்தை எழுதியபடியே படித்தேன். சபையில் பாதிப் பேர் குனிந்து சிரித்தார்கள். ஒருவரும் ஒருவரையும் சுட்டவில்லை, சுட்டுவதற்கு அந்த வாக்கியத்தில் யாரும் இல்லை.

அனூர் அம்மா பின்வரிசையில் இருந்தார். எழுந்து நின்றார்.

“அப்ப வாங்கறதா, வேண்டாமா?”

“வாங்கச் சொல்ல என்கிட்ட ஆதாரம் இல்லக்கா. வேண்டாம்னு சொல்லவும் இல்ல.”

“செரி. தெரியற வரைக்கும் வாங்கல” என்று உட்கார்ந்துவிட்டார். அக்கம்பக்கத்தில் தலைகள் ஆடின. படிக்கிறவன் என்ன செய்வான் என்று கேட்டாரே தலைவர், அவர் முதுகைத் தேய்த்துக்கொண்டு வந்து இதைப் பார்த்திருக்கலாம்.

கூட்டம் கலைந்ததும் அனூர் அம்மாவைத் தேடிப் போனேன். பேர் பட்டியலில் இருக்கிறது என்றேன். பார்த்துட்டேனுங்க என்றார். அதற்குமேல் நான் போயிருக்கலாம். கால் நகரவில்லை. பரண் டப்பாக்கள் அன்றிலிருந்து கண்ணுக்குள்ளேயே இருந்தன.

“அந்தப் பொடி நல்லா இருக்குன்னு எழுதினது நான்தான்கா. அதுவும் இதே மாதிரிதான். எனக்குத் தெரியல. தெரியலைன்னு எழுதல.”

என் வரைவிலிருந்து அத்தனை கவனமாக எடுத்துப் போட்ட மன்னிப்பு எல்லாம் சேர்ந்து அந்த நாலு வாக்கியத்தில் வந்து நின்றது.

அவர் பையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டார்.

“தெரியுமுங்க. டப்பாவோட குடுத்த நோட்டீசுல உங்க படம் இருந்துச்சே. அன்னைக்கு மனைக்கு வந்தீங்களே, அப்பவே தெரியும். இந்தத் தடவ என்னத்த எழுதறீங்கன்னு பாக்கத்தான் பஸ் ஏறி வந்தேன்.”

அனூர் பஸ் வந்துவிட்டது. அவர் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தார். நான் கையில் இரண்டு பக்கத்தை வைத்துக்கொண்டு நின்றேன்.